இரவு ரயில் ஜன்னல் படத்துக்கு இரண்டு வரி

முதன்முறை தனியாகப் போகிறீர்களா? ‘கொஞ்சம் பயம், கொஞ்சம் சந்தோஷம்’ என்று எழுதினால் எந்தப் படத்துக்கும் பொருந்திவிடும். உணர்ச்சியின் பெயரை விட்டுவிட்டு, கை என்ன செய்தது என்று எழுதுங்கள். பெட்டிக்குள் விளக்கு எரிவதால் கண்ணாடியில் உங்கள் முகமும் விழுந்திருக்கும்; அதை அழிக்காமல் வரியில் சேருங்கள்.

எழும்பூரில் ஏறியவருக்கு இப்படி:

“தாம்பரம் தாண்டியாச்சு. கண்ணாடியில் ஊர் பாதி, நான் பாதி.
பை ஜிப்பை மூணாவது தடவை தொட்டுப் பார்க்கிறேன்.”

முதல் வரி அமைதி, அடுத்தது படபடப்பு. ‘மூணாவது’ என்ற சொல்லிலேயே பயம் வந்துவிடுகிறது. ஆச்சரியக்குறி போட்டால் அந்த அமைதி கலைந்துவிடும், வேண்டாம்.

ரயில் பெயர், பெட்டி எண், பெர்த் எண் எதுவும் எழுதாதீர்கள். இறங்கி வீடு சேர்ந்த பிறகே பதிவிடுங்கள்.