வைரம் கிராஃபைட்டாகாமல் மேலே வந்துசேர்வது எப்படி? படிப்படியான விளக்கம்

நிலக்கரி இறுகி வைரமாகிறது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுவோம். நிலக்கரி புவியோட்டின் மேற்பகுதியில் கிடப்பது. கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழம்பு மேலே கொண்டுவரும் வைரங்களில் பெரும்பாலானவை அதற்கு வெகு கீழே, 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், மேன்டில் எனப்படும் கவசத்தில் பிறந்தவை.

படி 1: பிறப்பிடம்

மிகப் பழைய கண்டப் பகுதிகளின் அடியில் தடித்த பாறை வேர்போல் இறங்கியிருக்கிறது. அந்த ஆழத்துக்குரிய அழுத்தம் ஏறத்தாழ 50,000 வளிமண்டல அளவு இருந்தும், வெப்பம் பெரும்பாலும் 900 முதல் 1,300 டிகிரி செல்சியசுக்குள் அடங்கியிருப்பதால், அங்கே கார்பனுக்கு நிலையான வடிவம் பென்சில் கரியான கிராஃபைட் அன்று, வைரமே.

படி 2: படிகம் வளர்தல்

பாறை இடுக்குகளில் ஊடுருவும் பாய்மங்கள் கரியமிலச் சேர்மங்களையோ மீத்தேனையோ சுமந்து வருகின்றன. சுற்றியுள்ள பாறையோடு அவை வினைபுரியும்போது கார்பன் பிரிந்து படிகமாக வளர்கிறது. வளரும்போது அது விழுங்கிய நுண்ணிய கனிமத் துணுக்குகளைக் கொண்டு வயதைக் கணித்ததில், சில வைரங்கள் 300 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை எனத் தெரிந்தது.

படி 3: பயணம்

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் இந்தக் குழம்பு வெடித்து வெளிவந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளே ஆகின்றன. எனவே கிம்பர்லைட் வைரத்தை உருவாக்கவில்லை; வழியில் கிடந்ததைப் பெயர்த்து ஏற்றிவந்த வண்டி மட்டுமே அது. கரியமில வாயுவும் நீரும் நிறைந்த அந்தக் குழம்பு, பாறையைப் பிளந்துகொண்டு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மேலே வந்துவிடுகிறது என்பது பொதுவான மதிப்பீடு. தரையை நெருங்கும்போது வாயுக்கள் விரிந்து வெடிப்பதால், மேலே அகன்றும் கீழே குறுகியும் கேரட் கிழங்கு போன்ற குழாய் உண்டாகிறது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? மொராக்கோவின் பெனி பூசெரா இதற்கு நல்ல சாட்சி. அங்கே கவசப் பாறை புவியோட்டு அசைவுகளால் மெதுவாக மேலேறியது; அழுத்தம் குறைந்த பின்னும் சூடு நீடித்ததால், வைரங்கள் கிராஃபைட்டாக மாறிவிட்டன. எண்முக வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பது பென்சிலில் எழுதப் பயன்படும் அதே கரி.

வேகமாக வந்தாலும் சேதம் உண்டு. குழம்பே வைரத்தைக் கொஞ்சம் கரைத்துவிடுகிறது. பட்டை தீட்டாத எண்முகக் கல்லை உருப்பெருக்கியில் பார்த்தால், அதன் முகங்களில் சிறு முக்கோணக் குழிகள் தென்படும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். அரிப்பு மிகுந்தால் கல்லே மிஞ்சாது.

படி 4: தடம் அறிதல்

கிம்பர்லியில் தோண்டியவர்கள் முதலில் சிதைந்த மஞ்சள் மண்ணைக் கண்டார்கள். அது முடிந்ததும் வைரமும் முடிந்தது என்று சிலர் அஞ்சினார்கள். ஆனால் கீழே இருந்த நீல மண், அதே கிம்பர்லைட்டின் சிதையாத பகுதிதான்.

இன்று தேடுபவர்கள் ஓடை மணலில் கார்னெட் என்னும் கனிமத்தின் ஊதா நிற மணிகளைப் பொறுக்கி ஆய்கிறார்கள். அவற்றில் குரோமியம் மிகுந்து கால்சியம் குறைந்திருந்தால், குழம்பு வைரம் விளையும் ஆழத்துப் பாறையைத் தொட்டு வந்திருக்கலாம் என்று கொள்கிறார்கள். அந்தப் பாறையில் வைரம் இருந்ததா, இருந்தது வழியில் கரைந்து போகாமல் வந்ததா என்பதைக் கார்னெட் சொல்லாது. குழாயிலிருந்தே பாறையை வெட்டியெடுத்து, நொறுக்கிப் பார்த்தாக வேண்டும்.