நாதஸ்வரம் மேல வாய்ஸ் – டக்கிங் செட் பண்ண என் அனுபவம்

கல்லணை வீடியோவுக்கு நாதஸ்வரத்த மியூசிக்கா போட்டேன். நான் பேசுறப்ப மியூசிக் தானா இறங்கணும், அதான் டக்கிங். அதுக்கு அந்த டிராக் கம்ப்ரஸரோட சைடுசெயினுக்கு, அதாவது கம்ப்ரஸர் கேட்டு வேலை செய்ற இன்புட்டுக்கு, வாய்ஸ குடுத்தேன். மியூசிக் தானா இறங்குச்சு, ஆனா மூச்சு விடுறப்பல்லாம் குபுக்குன்னு மேல வந்து திரும்ப அமுங்குது. தவில்னா இவ்ளோ தெரியாது, நாதஸ்வரம் இழுத்துப் பிடிக்கிற சத்தம்ல, லெவல் லேசா ஆடுனாலே காதுல விழும். காரணம், ரிலீஸ், அதாவது இறங்குன மியூசிக் திரும்ப ஏற எடுக்குற நேரம், 100 மில்லிசெகண்ட், மூச்சு இடைவெளியோ அரை செகண்ட் கிட்ட. ரிலீஸ 800க்கு ஏத்துனதும் வாக்கிய நடுவுல கொஞ்சம்தான் அசையுது, பேச்சு முடிஞ்சப்புறம் மெதுவா எழும்புது. மியூசிக்க ஏற விடாம கொஞ்ச நேரம் இறக்கியே வைக்கிற ஹோல்டு பட்டன் இருந்தா அதுல 500 வைங்க, இன்னும் நல்லது. அட்டாக், அதாவது மியூசிக் இறங்க எடுக்குற நேரம், 5 மில்லிசெகண்ட்ல டப்புன்னு வெட்டுது, 200ல "காவிரி"யோட முதல் எழுத்த மியூசிக் முழுங்கிடுது, எனக்கு 40 செட் ஆச்சு. இறக்கம் 8 டெசிபல் போதும்.