“அரிதினும் அரிது” வேறு, “மிகக் கடுமையான குற்றம்” வேறு: மரண தண்டனை வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே, சட்ட மாணவர்களை அவ்வப்போது ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்று மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்ற வாதப் பயிற்சி அளித்து வருகிறேன். இம்முறை தலைப்பு மரண தண்டனையும் பன்னாட்டுச் சட்டமும். மழை விடாத ஒரு மாலையில் ஐந்து அணிகளின் எழுத்து வாதங்களைப் புரட்டியபோது, மாணவனாக இருந்த காலத்தில் நான் எழுதி அவமானப்பட்ட அதே வாக்கியம் நான்கு அணிகளின் தாள்களில் இருந்தது. ஆண்டைத் தவறாகக் குறிப்பிடுவது போன்ற சறுக்கல்களை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பன்னாட்டுச் சட்டம் மரண தண்டனையைத் தடை செய்துவிட்டது என்பது

பொதுவான தடை இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை வரம்பு மட்டுமே கட்டுகிறது. ஒழிக்கும் கடமை, 1989-இல் ஏற்கப்பட்ட அதன் இரண்டாவது விருப்ப நெறிமுறையில் சேர்ந்த நாடுகளுக்கே உண்டு. இந்தியா அதில் சேரவில்லை.

இரண்டு அளவுகோல்களை ஒன்றாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். “உடன்படிக்கையின் 6(2) பிரிவு கூறும் மிகக் கடுமையான குற்றங்கள் என்ற வரம்பை, இந்தியா அரிதினும் அரிதான வழக்கு என்ற கோட்பாட்டின் வழியாக நிறைவேற்றுகிறது” என்று நான் எழுதியிருந்தேன். நடுவராக அமர்ந்திருந்த மூத்த வழக்கறிஞர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே, “ஹெராயின் கடத்தியவனுக்கு இரண்டாம் முறை தண்டனை. யார் செத்தார்கள், தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

6(2) பிரிவு கேட்பது, இந்த வகைக் குற்றத்துக்கு மரண தண்டனையைச் சட்டத்தில் வைக்கலாமா என்பதை. அது சட்டம் இயற்றுபவரை நோக்கிய கேள்வி. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அரிதினும் அரிதான வழக்கு என்ற அளவுகோலோ, சட்டம் ஏற்கெனவே மரண தண்டனையை அனுமதித்துள்ள குற்றத்தில், இந்தக் குற்றவாளிக்கு, இந்தச் சூழலில் அதை விதிக்கலாமா என்று நீதிபதி தமக்குத்தாமே கேட்டுக்கொள்வது. முதல் கேள்வியில் தோற்ற சட்டத்தை, இரண்டாவது கேள்விக்கு எவ்வளவு கவனமாகப் பதில் சொன்னாலும் காப்பாற்ற முடியாது.

லுபுடோ வழக்கை எடுத்துக்கொள்வோம். ஸாம்பியாவில் துப்பாக்கியுடன் நடந்த கொள்ளைக்காக லுபுடோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. துப்பாக்கியால் யாரும் இறக்கவில்லை, காயமடையவும் இல்லை. ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி மரண தண்டனை கட்டாயம் என்பதால், நீதிமன்றத்தால் அதைக் கணக்கில் எடுக்க முடியவில்லை. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு 1995-இல் இது 6(2) பிரிவை மீறுவதாக முடிவு செய்தது. இங்கேயும் மாணவர்கள் வழுக்குகிறார்கள்: கொள்ளைக்கு மரண தண்டனையே கூடாது என்று அக்குழு அப்போது பொதுவாகச் சொல்லிவிடவில்லை, கட்டாயத் தன்மையும் சேர்ந்துதான் அந்த முடிவு வந்தது. வேண்டுமென்றே செய்த கொலையை உள்ளடக்கிய மிகக் கொடிய குற்றங்கள் மட்டுமே இவ்வரம்புக்குள் வரும், போதைப்பொருள், ஊழல், ஆயுதக் கொள்ளை, பாலியல் குற்றங்கள் வராது என்று தெளிவாக எழுதியது அக்குழுவின் 2018-இன் பொதுக் கருத்துரை 36. அது உடன்படிக்கையின் வாசகமன்று, எடையுள்ள விளக்கம் மட்டுமே என்பதையும் எழுத்து வாதத்தில் சொல்லியாக வேண்டும். அதை மறைத்தால் எதிரணி முதலில் அங்கேதான் அடிக்கும்.

இனி நடுவர் கேட்ட ஹெராயினுக்கு வருவோம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 1989-இல் சேர்க்கப்பட்ட 31ஏ பிரிவு, முன்பே தண்டனை பெற்றவர் ஒரு கிலோ ஹெராயின் போன்ற குறிப்பிட்ட அளவுகளுடன் மீண்டும் குற்றம் செய்தால் மரண தண்டனையைக் கட்டாயமாக்கியது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2011-இல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திப் பொருள்கொண்டது. 2014 திருத்தம் அதை நீதிபதியின் விருப்புரிமையாக மாற்றியது. ஆகவே இன்று அரிதினும் அரிது என்ற சல்லடை அங்கே உண்டு. ஆனால் இறந்தவர் யாரும் இல்லாத குற்றத்துக்கு மரண தண்டனை இன்னமும் சட்டத்தில் இருக்கிறது. கருத்துரை 36-இன்படி குறை அங்கேதான்.

அரசுத் தரப்பு பச்சன் சிங் தீர்ப்பையே திருப்பி வீசும். இந்தியா 1979-இல் ஏற்ற கடமை, அரசமைப்பும் தண்டனைச் சட்டங்களும் ஏற்கெனவே தருவதைத் தாண்டவில்லை என்று அத்தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனால் அத்தீர்ப்பின்போது 31ஏ பிறக்கவே இல்லை. இந்தப் பதிலை அன்று நான் தயாராக வைத்திருந்திருக்க வேண்டும்.

1984 பாதுகாப்பு விதிகளோடு நிறுத்திக்கொள்வது

மரண தண்டனையை எதிர்கொள்பவர்களைப் பாதுகாக்க ஐ.நா. வகுத்த அவை, மிகக் கடுமையான குற்றத்துக்கு அளவாக “உயிரிழப்பு அல்லது பிற மிகக் கொடிய விளைவுகள்” என்கின்றன. அந்த “அல்லது” வழியாகத்தான் போதைப்பொருள் குற்றங்களை உள்ளே கொண்டுவர அரசுகள் முயல்கின்றன. அந்த வழியை அடைக்கக் கருத்துரை 36-ஐயும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

ஐ.நா. வாக்கெடுப்பைச் சட்டமாகக் காட்டுவது

மரண தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் பொதுச் சபைத் தீர்மானத்துக்கு 2007-இல் 104 நாடுகளும் 2024-இல் 130 நாடுகளும் ஆதரவளித்தன. போக்கைக் காட்டலாம், கட்டுப்படுத்தாது. இந்தியா எதிர்த்தே வாக்களித்து வருகிறது.

ஒழித்த நாடு மீண்டும் கொண்டுவரலாம் என்று நினைப்பது

6(2) பிரிவு “ஒழிக்காத நாடுகளில்” என்றே தொடங்குகிறது. ஒழித்த நாடு அந்தச் சொற்களுக்குள் மீண்டும் நுழைய முடியாது என்பது கருத்துரை 36-இன் நிலை. நடைமுறையில் பிலிப்பைன்ஸ் 1987-இல் ஒழித்து, 1993-இல் மீண்டும் கொண்டுவந்து, 2006-இல் மறுபடி ஒழித்தது. அடுத்த ஆண்டே இரண்டாவது நெறிமுறையில் சேர்ந்தது. அந்நெறிமுறையில் விலகிச் செல்ல வழிசெய்யும் பிரிவு கிடையாது. லுபுடோவுக்குத் தண்டனை விதித்த ஸாம்பியா 2022-இல் சாதாரணக் குற்றங்களுக்கான மரண தண்டனையைக் கைவிட்டது.