கடையின் இருப்புத் தாளைச் சரிபார்ப்பது எப்படி?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னப் பலசரக்குக் கடை என்று வையுங்கள். ஆரம்ப இருப்போடு கொள்வனவைக் கூட்டி விற்பனையைக் கழித்தால் இறுதி இருப்பு வரவேண்டும். ஆனால் பலர் இறுதி இருப்பையும் இதே கணக்கால் போட்டுவிட்டு, "சரியாக வருகிறதே" என்பார்கள். வராமல் எங்கே போகும்? இறுதி இருப்பு, கடை பூட்டிய பிறகு எண்ணியும் தராசில் நிறுத்தும் எழுதியதாக இருக்கவேண்டும்.

முதலில் Excel தாளின் முதல் வரியில் தலைப்புகளாக A-யில் சாமானின் பெயர், B-யில் ஆரம்ப இருப்பு, C-யில் கொள்வனவு, D-யில் விற்பனை, E-யில் எண்ணிய இருப்பு என்று போடுங்கள். எல்லாமே கிலோவில் இருக்கட்டும். ரூபாயில் போட்டால் விற்பனைக்குள் இலாபமும் கலந்து கணக்கு ஒருநாளும் பொருந்தாது. அப்புறம் F2-ல் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(E2-(B2+C2-D2),2)
```

0 வந்த வரிகளை விடுங்கள். மற்ற வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், F-ஐக் கூட்டிப் பார்க்கவேண்டாம், ஏனென்றால் ஒரு சாமானில் கூடியதும் இன்னொன்றில் குறைந்ததும் சேர்ந்து மறைந்துவிடும்.

சீனியில் ஆரம்பம் 120, கொள்வனவு 5, விற்பனை 210, எண்ணியது 160. கணக்குப்படி இருக்கவேண்டியது -85. பூச்சியத்துக்குக் கீழே சீனி இருக்க முடியாதல்லவா, அப்போதே சந்தேகம் வரவேண்டும். F-ல் 245 நிற்கிறது, அது 5 தடவை 49. 50 கிலோ மூடை ஒன்றை 1 என்று எழுதினால் 49 விடுபடும். அதாவது 50 கிலோ மூடை ஐந்தை 250 என்று எழுதாமல் 5 என்று எழுதிவிட்டார்கள். C-யைத் திருத்தினால் 0.

பருப்பில் 80, 50, 96, எண்ணியது 61. வித்தியாசம் 27. வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் பிரிந்தால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் (கட்டாயம் அதுதான் என்றில்லை), பில்களைப் புரட்டிப் பாருங்கள். இங்கே 69 என்பது 96 ஆகியிருக்கிறது.

கோதுமை மாவில் 60, 100, 110, எண்ணியது 38. இருக்கவேண்டியது 50, எனவே F-ல் -12. எண்ணியது குறைந்தால் பதியாத விற்பனையைத் தேடவேண்டும், நம்ம பக்கத்தில் அதற்கு முதல் இடம் கடன் கொப்பிதான். பெரும்போக நெல் வெட்டி விற்றதும் தருகிறேன் என்று கொண்டுபோன மாவை, காசு வரும் நாளில்தான் விற்பனையில் எழுதுவார்கள். மாவோ அன்றைக்கே போய்விட்டது! அதைக் கொடுத்த நாளிலேயே D-யில் பதியுங்கள், காசைத் தனியாகப் பாருங்கள். கொப்பியில் 9 கிலோ கிடைத்தால் மிச்சம் 3. கிழிந்த பை, எலி, வீட்டுக்கு எடுத்தது என்று கேட்டுப் பார்த்தும் தெரியாவிட்டால் E-யை மாற்றி 0 ஆக்கவேண்டாம். பக்கத்தில் G-யில் "குறைவு 3" என்று எழுதுங்கள், அடுத்த மாத ஆரம்ப இருப்பாக எண்ணிய 38-ஐயே போடுங்கள்.