ஷிப்ட் மாறும்போது ரிசப்ஷன் நோட்டில் செய்யக்கூடாத தவறுகள்

"204 ஏசி கம்ப்ளெயின்ட், சொல்லியாச்சு." மூன்று மணிக்கு லாக் புக்கில் இப்படி ஒரு வரியை எழுதிவிட்டுப் போனால் மாலை ஷிப்ட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. யாரிடம் சொன்னது, வந்து பார்த்தார்களா, கெஸ்ட்டுக்கு என்ன வாக்கு கொடுத்திருக்கிறோம், எதுவுமே அதில் கிடையாது. ஐந்து மணிக்கு அவர் இறங்கி வந்து "காலைல இருந்தவர் ரூம் மாத்தித் தரேன்னாரே" என்று கேட்டால் கவுன்டரில் இருப்பவர் முழிக்க வேண்டியதுதான். கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதுதான் கெஸ்ட்டை அதிகம் கடுப்பேற்றும். அதனால் பிரச்சினையை எழுதுவதைவிட, கொடுத்த வாக்கையும் அதற்கான நேரத்தையும் எழுதுவதுதான் முக்கியம்.

அடுத்தது லேட் செக்அவுட். வாய்வார்த்தையாக "நாலு மணி வரை இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, நோட்டில் மட்டும் எழுதி, சிஸ்டத்தில் மாற்றாமல் போவார்கள். அதே ரூம் இரண்டு மணிக்கு வருகிற புக்கிங்குக்கு ஒதுக்கியிருக்கும். ஹவுஸ்கீப்பிங் போய்க் கதவைத் தட்டும்.

"கேஷ் சரி" என்பதும் அப்படித்தான். எதற்குச் சரி? ஃப்ளோட், வரவு, செலவு மூன்றையும் தனித்தனியாக எழுதி, இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரவு 200 ரூபாய் குறைந்தால் யார் ஷிப்ட்டில் குறைந்தது என்றே சொல்ல முடியாது.

அப்புறம், கெஸ்ட்டைப் பற்றி "சண்டைக்காரர்", "கஞ்சன்" என்றெல்லாம் எழுதாதீர்கள். கவுன்டரில் திறந்து கிடக்கிற புத்தகம் அது. கார்டு நம்பரும் அதில் வேண்டாம்.

மாதிரி:

காலை → மாலை, 3.00 மணி

204: ஏசி குளிரவில்லை. 1.40-க்கு மெயின்டனன்ஸ் வந்து பார்த்தார்கள், கேஸ் நிரப்ப ஆள் நாளைதான் வருவார். 5 மணிக்குள் 310 தருவதாகக் கெஸ்ட்டிடம் சொல்லியிருக்கிறேன். 310 கிளீனிங் நடக்கிறது, முடிந்ததும் போன் செய்து, சாமான் எடுக்க ஆள் அனுப்பவும்.

118: 4 மணி வரை நீட்டிப்பு, மேனேஜர் ஓகே, கட்டணம் இல்லை. சிஸ்டத்தில் மாற்றியாச்சு, ஹவுஸ்கீப்பிங்குக்குத் தெரியும். 118-க்கு வர இருந்தவருக்கு 121.

212: வெளிநாட்டு கெஸ்ட், செக்இன் 1.30. பாஸ்போர்ட், விசா நகல் ஃபைலில். சைட் திறக்கவில்லை, ஃபார்ம் III ஏற்றவில்லை. இன்றே ஏற்றவும்.

305: நாளை காலை 4.30 வேக்அப் கால், 5 மணிக்கு டாக்ஸி, சொல்லியாச்சு. நைட் ஷிப்ட்டுக்கு மாற்றி எழுதவும்.

கேஷ்: ஃப்ளோட் 5,000, வரவு 8,400, டாக்ஸிக்குக் கொடுத்தது 350, வவுச்சர் உள்ளது. கையில் 13,050.

212-ஐப் பாருங்கள். வெளிநாட்டு கெஸ்ட் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் ஃபார்ம் III, அதாவது முன்பு ஃபார்ம் சி என்றிருந்தது, கெஸ்ட் வந்த 24 மணி நேரத்துக்குள் பதிவாக வேண்டும். "நகல் ஃபைலில்" என்று மட்டும் எழுதியிருந்தால் வேலை முடிந்ததாகவே மாலையில் நினைப்பார்கள், நாளை 1.30 தாண்டிவிடும். அதனால் செய்யாததை "செய்யவில்லை" என்றே எழுதுங்கள், மாலைக்காரர் படித்து முடிக்கும்வரை காலைக்காரர் கவுன்டரை விட்டுப் போகவும் வேண்டாம்.