"Q7(iii)" என்று மட்டும் செய்தி வந்தால்: கணக்கு டியூஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் எச்.எஸ்.சி. கணக்கு டியூஷன் எடுப்பவர்களுக்கு அக்டோபர் நெருங்க நெருங்க வாட்ஸ்அப்பில் இப்படிச் செய்திகள் வந்துகொண்டே இருக்கும்:

`Sir Q7(iii)`

அவ்வளவுதான். எந்த வருடம், எந்தத் தாள், என்ன சந்தேகம் என்று எதுவும் இருக்காது. மிஞ்சிப்போனால் அடுத்த வரியில் "மோ பா கோம்ப்ரான்", புரியவில்லை என்று க்ரியோலில் ஒரு புலம்பல். அனுப்பிய பிள்ளைக்கு இது முழுமையான கேள்விதான், தாள் அவன் கண்முன்னே விரிந்து கிடக்கிறதல்லவா. நம் கையில் இருப்பது ஒரு எண் மட்டும். இந்த இடத்தில் ரோஸ் ஹில்லிலும் காத்ர் போர்னிலும் நல்ல ஆசிரியர்கள்கூடத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் தவறு, ஊகித்துக்கொண்டு பதில் எழுதத் தொடங்குவது. "போன வாரம் வகுப்பில் அந்த ட்ரிக்னாமெட்ரி தாளைத்தானே போட்டோம், அதன் ஏழாவது கேள்வியாக இருக்கும்" என்று ஒரு பக்கம் முழுக்கத் தீர்வு எழுதி அனுப்புவோம். அங்கிருந்து "இது இல்ல சார்" என்று வரும். எச்.எஸ்.சி. கணக்குக்கான கேம்பிரிட்ஜின் 9709 பாடத்திட்டத்தில் பேப்பர் 1 மட்டுமே மே/ஜூனில் குறைந்தது மூன்று வகை, அக்டோபர்/நவம்பரில் குறைந்தது மூன்று வகை வருகிறது. இந்தியப் பள்ளிகளுக்காக நடக்கும் மார்ச் தேர்வின் தாளும் இணையத்தில் கிடைப்பதால் நம் பிள்ளைகள் அதையும் விடுவதில்லை. ஆக, ஒரே வருடத்துக்குக் குறைந்தது ஏழு "ஏழாவது கேள்விகள்". கேள்விகள் பாட வரிசையிலும் வராது. சிறியது முன்னால், பெரியது பின்னால் என்ற கணக்குத்தான். ஒரு தாளில் ஏழாவது கேள்வி கூட்டுத்தொடராக இருக்கும், இன்னொன்றில் வட்டக்கோணப் பகுதி, மற்றொன்றில் சார்பு. எண்ணை வைத்துப் பாடத்தைச் சொல்ல வழியே இல்லை.

ஆனால் எண் எதையுமே சொல்லாது என்று நினைப்பதும் தவறுதான். `7(iii)` என்று கேள்வி எண்ணை ஒட்டியே ரோமன் எண் வந்தால், அது பெரும்பாலும் 2019 அல்லது அதற்கு முந்தைய தாள். 2020 முதல் உட்பிரிவுகளை (a), (b), (c) என்று போடுகிறார்கள். `7(b)` என்று வந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. பழைய தாள்களிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பகுதிகளை (a), (b) என்று பிரிக்கும் வழக்கம் இருந்தது. பேப்பர் 1-ல் வழக்கமாகப் பத்து முதல் பன்னிரண்டு கேள்விகள்தான் இருக்கும். ஆகவே யாராவது `Q23` என்று அனுப்பினால், அது கேம்பிரிட்ஜ் தாளே அல்ல என்று அப்போதே தெரிந்துவிடும். பாடவாரியாகத் தொகுத்த புத்தகமாக இருக்கும், இல்லையென்றால் யாரோ ஆசிரியர் கொடுத்த பயிற்சித் தாள். பள்ளி மாக் தேர்வுத் தாளாகவும் இருக்கலாம். மாக் தாள்களில் பல வருடக் கேள்விகளை வெட்டி ஒட்டி, எண்ணையும் மாற்றிவிடுவார்கள். அதில் அச்சிட்ட எண்ணை வைத்து மூலத் தாளைத் தேடுவது வீண் வேலை.

அடுத்த தவறு, திருப்பிக் கேட்கும் விதத்தில். "எந்தக் கேள்வி?" என்று கேட்டால் "Q7(iii) சார்" என்றே மறுபடி வரும். "எந்த வருஷம்?" என்றால் "2019". சரி, இன்னும் ஏழு தாள் மிச்சம். "எந்தப் பேப்பர்?" என்றால் "12". அந்தப் பிள்ளை அதைப் பன்னிரண்டாம் தாள் என்று நினைத்திருப்பான். அது பேப்பர் 1, வகை 2. இப்படி நாலு முறை போய் வருவதற்குள் அவன் தூங்கப் போய்விடுவான்.

ஒரே தடவையில் கேட்க வேண்டியது இதுதான்: "அந்தப் பக்கத்தை முழுசா, அடியில் இருக்கிற பொடி எழுத்து தெரியிற மாதிரி ஒரு போட்டோ. நீ இதுவரைக்கும் எழுதினதை இன்னொரு போட்டோ. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

அடியில் இருக்கிற பொடி எழுத்தை ஏன் கேட்கிறோம்? கேம்பிரிட்ஜ் தாளின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நடுவே இப்படி ஒரு வரி இருக்கும்:

```
9709/12/M/J/19
```

9709 பாடத்தின் எண், 12 என்பது பேப்பர் 1 வகை 2, M/J மே/ஜூன், 19 வருடம். O/N என்றால் அக்டோபர்/நவம்பர், F/M என்றால் அந்த மார்ச் தாள். பிள்ளைகள் கேள்வியை மட்டும் வெட்டி அனுப்பும்போது முதலில் போவது இந்த வரிதான். கூடவே மேலே இருக்கும் (i), (ii) பகுதிகளும் போய்விடும். (iii)-க்கு வேண்டிய தரவெல்லாம் அங்கேதான் இருக்கும் என்பதால் பக்கம் முழுதாக வேண்டும். பிள்ளை கணினியில் பார்த்துக்கொண்டிருந்தால் கோப்பின் பெயரைக் கேட்டாலும் போதும். `9709_s19_qp_12.pdf` என்றால் மேலே சொன்ன அதே தாள். s மே/ஜூன், w அக்டோபர்/நவம்பர், m மார்ச். qp கேள்வித்தாள், ms விடையும் மதிப்பெண்ணும் இருக்கும் மார்க் ஸ்கீம்.

கோப்புப் பெயரின் கடைசி எண்ணைக் கவனிக்காமல் விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். பிள்ளை `qp_12` வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, `ms_13` திறந்து விடை பார்ப்பான். விடை பொருந்தாது. மூன்று தரம் அழித்துப் போட்டுவிட்டு நமக்கு `Q7(iii)` அனுப்புவான். அவன் கணக்கு முதல் தடவையே சரி. கேள்வியின் ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மதிப்பெண்ணை மார்க் ஸ்கீமின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் இது பெரும்பாலும் பிடிபடும். கேள்வியில் [3] இருந்து அங்கே 5 என்று இருந்தால் தாள் மாறிவிட்டது.

புள்ளியியலில் இன்னொரு குழி உண்டு. 2019 வரை பேப்பர் 6 என்பது ஸ்டாடிஸ்டிக்ஸ் 1. 2020-ல் பாடத்திட்டம் மாறியபின் ஸ்டாடிஸ்டிக்ஸ் 1 பேப்பர் 5 ஆகிவிட்டது, பேப்பர் 6 ஸ்டாடிஸ்டிக்ஸ் 2-க்குப் போய்விட்டது. "பேப்பர் 6, Q4" என்று வந்தால் வருடம் தெரியாமல் புத்தகத்தைத் திறக்கவே கூடாது.

சரி, கேள்வி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய தவறு இதற்கப்புறம்தான் நடக்கிறது. கேள்வி கிடைத்த சந்தோஷத்தில் தீர்வை எழுதி அனுப்பிவிடுகிறோம். தீர்வு அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. மார்க் ஸ்கீம் இல்லாத எச்.எஸ்.சி. பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியது வேறு ஏதோ.

ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். f(x) = 2x² − 12x + 13. (i) இதை a(x + b)² + c வடிவில் எழுது. (ii) x ≥ k என்ற டொமைனில் f-க்கு இன்வர்ஸ் இருக்க வேண்டுமானால் k-யின் மிகக் குறைந்த மதிப்பு என்ன? (iii) அந்த k-க்கு f⁻¹(x), அதன் டொமைன் இரண்டையும் கண்டுபிடி.

(i)-ல் 2(x − 3)² − 5. (ii)-ல் k = 3. (iii)-க்கு மார்க் ஸ்கீமில் இரண்டு விஷயம்தான் இருக்கும்: 3 + √((x + 5)/2), அப்புறம் x ≥ −5. காரணம் ஒரு வரிகூட இருக்காது.

இதே (iii)-ஐ மூன்று பிள்ளைகள் அனுப்பலாம், மூன்று பேருக்கும் வேண்டியது வேறு வேறு. அவர்கள் எழுதியதன் போட்டோவைப் பார்த்தால்தான் தெரியும். ஒருத்தி y = 2x² − 12x + 13 என்று தொடங்கி, x-ஐத் தனியாகப் பிரிக்க முடியாமல் இரண்டு பக்கமும் x வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அவளுக்கு (i)-ல் வந்த வடிவத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தோன்றவில்லை. "முதல் பகுதியின் விடையிலிருந்து தொடங்கு" என்ற ஒரு வரி போதும், மிச்சத்தை அவளே முடித்துவிடுவாள்.

இன்னொருவன் எல்லாம் சரியாகப் போட்டு, டொமைனில் மட்டும் x ≥ 3 என்று எழுதியிருப்பான். அது f-இன் டொமைன். f⁻¹-க்கு உள்ளே போவது f-இலிருந்து வெளியே வந்தது, அதாவது f-இன் ரேஞ்ச். f-இன் மிகக் குறைந்த மதிப்பு −5 என்று அவனே (i)-ல் எழுதி வைத்திருக்கிறான். அதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

மூன்றாமவன் 3 ± √((x + 5)/2) வரை வந்துவிட்டு, மார்க் ஸ்கீமில் கூட்டல் மட்டும் ஏன் என்று முழித்துக்கொண்டிருப்பான். இவனுக்கு முழுத் தீர்வையும் அனுப்பினால் கடைசி வரியில் நாமும் கழித்தலை அடித்துவிட்டுப் போயிருப்போம், அவன் சந்தேகம் அப்படியே இருக்கும். இவனிடம் இப்படிப் போகலாம்:

"f(5) எவ்வளவு வருது?"

"3 சார்."

"அப்போ f⁻¹(3) எவ்வளவு வரணும்?"

"5."

"உன்னோட ரெண்டு விடையிலும் x-க்கு 3 போட்டுப் பாரு."

கூட்டலில் 3 + √4 = 5 வரும். கழித்தலில் 1 வரும். அந்த 1 எங்கே இருக்கிறது என்று கேட்டால், "டொமைன் 3-லிருந்துதானே சார் ஆரம்பம்" என்று அவனே சொல்லிவிடுவான். அவன் அனுப்பியது (iii), அவன் தவறவிட்டது (ii). k = 3 என்று விடை எழுதியிருந்தான், ஆனால் அது எதற்கு என்று யோசிக்கவில்லை. என் அனுபவத்தில் கடைசிப் பகுதியின் எண்ணை அனுப்புகிறவர்களில் நிறையப் பேருக்குச் சிக்கல் அதற்கு முந்தைய பகுதியில்தான் இருக்கிறது. அதனால் (iii) வந்தால் நான் முதலில் பார்ப்பது அவர்கள் எழுதிய (ii)-ஐ.

சில சமயம் எந்த விளக்கமும் தேவைப்படாது. பழைய பேப்பர் 1-ல் வெக்டர் கேள்விகள் இருந்தன. OA, OB என்று வெக்டர்களைக் கொடுத்து, ஸ்கேலார் பெருக்கலை வைத்து AOB கோணத்தைக் கேட்பார்கள். 2020 முதல் வெக்டர் முழுக்கப் பேப்பர் 3-க்குப் போய்விட்டது. கிரேடு 12 பிள்ளை 2016 தாளை எடுத்து உட்கார்ந்து, வகுப்பில் நடத்தவே நடத்தாத கேள்வியைப் பார்த்து, எல்லோருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லையோ என்று பயந்து எண்ணை மட்டும் அனுப்புவான். பக்கத்தின் அடியில் 16 என்று இருக்கும், கேள்வியில் வெக்டர் இருக்கும். அவனுக்கு ஸ்கேலார் பெருக்கலை ராத்திரி பத்து மணிக்கு விளக்க வேண்டாம். "இது இப்போ உன் பேப்பரில் இல்ல, விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. பேப்பர் 3 எடுக்கும்போது பாக்கலாம்" என்று எழுதி அனுப்பினால் போதும்.