உடம்பு இளைத்த பிறகு பிளவுஸ் பிடிப்பதில் நடக்கும் தவறுகள்

பத்துப் பதினைந்து கிலோ குறைந்த பெண்ணின் அலுமாரியைத் திறந்தால், சாறிகள் எல்லாம் அப்படியே உதவும். உதவாமல் போவது பிளவுஸ்கள்தான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பாடசாலைக்கும் கச்சேரிக்கும் தினமும் சாறியில் போகிறவருக்கு இது வாரத்தில் ஐந்து நாள் பிரச்சினை. எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால், இன்று புதிதாகத் தைக்கும் ஆறு பிளவுஸும் சில மாதத்தில் மறுபடி தொளதொளக்கும். அதனால் அளவு நிலைக்கும் வரைக்கும் ஒரு சின்னத் தொகுதி போதும்: நான்கு பிளவுஸ், இரண்டு உள்பாவாடை. வெயில் காலத்தில் மூன்று பிளவுஸே காணும். கார்த்திகை, மார்கழி மழையில் துணி காய ஒன்றரை நாள் எடுப்பதால்தான் நான்காவது.

சாறியைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. இடுப்புச் சுற்றளவு 46 அங்குலத்திலிருந்து 41 ஆகிவிட்டது என்று வைப்போம். சாறி உடம்பை இரண்டு தரம் சுற்றுகிறது, ஆகவே மிஞ்சும் துணி 10 அங்குலம். ஐந்து அங்குல அகலத்தில் ஒரு கொசுவம் மடிக்க அவ்வளவு துணி போகும். கொசுவம் ஒன்று கூடும், அவ்வளவுதான். உள்பாவாடையில் மட்டும் கவனம் வேண்டும். பழைய அகலப் பாவாடையை நாடாவால் இழுத்துக் கட்டினால் சுருக்கமெல்லாம் இடுப்பில் திரண்டு, இளைத்த உடம்பையே பருமனாகக் காட்டும். பக்கத் தையலை உள்ளே தள்ளித் தைத்து, மேலிருந்து கீழ் வரை பிடித்துவிட்டால் சரியாகிவிடும்.

முதல் தவறு: பழைய பிராவோடு அளவெடுப்பது

இளைக்கும்போது பிரா முதலில் தளரும். பட்டி முதுகில் மேலேறி, முன்பக்கம் கீழிறங்கும். அந்தக் கோலத்தில் அளவெடுத்துப் பிளவுஸ் பிடித்தால், டார்ட் என்ற கூம்பு மடிப்பின் நுனி தவறான உயரத்திற்குப் பொருந்திவிடும். பிறகு அளவான பிரா வாங்கிப் போட்டதும் பிளவுஸ் நெஞ்சில் ஒரு இடத்தில் இறுகி, அடியில் காற்றாடும். தையலில் குற்றம் என்று தையல் அக்காவோடு சண்டை வரும், பாவம் அவர் கொடுத்த அளவுக்குத்தான் தைத்தார். ஆகவே காசு செலவழிக்க வேண்டிய முதல் சாமான் இரண்டு பிரா. மார்புக்குக் கீழே நாடாவை இறுக்கமாகப் பிடித்துப் பட்டி அளவை எடுங்கள். புதியதைக் கடைசிக் கொக்கியில் அல்ல, தளர்வான முதல் கொக்கியில் போட்டுப் பொருந்த வேண்டும். இன்னும் இளைத்தால் உள் கொக்கிக்குப் போகலாம்.

எல்லாவற்றையும் பிடிக்கக் கொடுப்பது

அடுத்த தவறு, பதினைந்து பிளவுஸையும் ஒரு பையில் போட்டுத் தையல் கடைக்குக் கொண்டுபோவது. பிடித்தாலும் சரிவராத பிளவுஸ்கள் இருக்கின்றன, அவற்றை வீட்டிலேயே பிரிக்கலாம்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கை பொருத்திய தையல் தோள் எலும்பின் நுனியைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மேல் கீழே தொங்குகிறதா? அதைத் தள்ளி வையுங்கள். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைக் கழற்றி, கைக்குழியை மறுபடி வெட்டி, திரும்பப் பொருத்த வேண்டும். கேட்கும் கூலி புதுப் பிளவுஸின் கூலிக்குப் பக்கத்தில் வந்துவிடும். முதுகுப் பக்கம் ஆழமாகக் கழுத்து வெட்டியவையும் அப்படித்தான்: தோளில் சதை குறைந்ததும் வழுக்கி விழும். பக்கத்தில் எவ்வளவு பிடித்தாலும் அது நிற்காது.

மொத்தச் சுற்றளவில் 4 அங்குலத்துக்கு மேல் குறைக்க வேண்டியவையும் வேண்டாம். பக்கத் தையலில் பிடித்தால் டார்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். உடம்பு சிறுத்ததால் மார்பின் இரண்டு முனையும் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும். 4 அங்குலம் வரை அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் டார்ட் நுனிகள் அக்குள் பக்கமாகத் தனியே கூர்த்துக்கொண்டு நிற்கும்.

மிஞ்சுவது அலுமாரியின் அடியில் கிடந்த, போன வருடம் கொஞ்சம் இறுக்கமாக இருந்த பிளவுஸ்கள். அவைதான் இப்போது முதலில் எடுக்க வேண்டியவை. நிறத்தைப் பார்த்து அதிலிருந்து மூன்றைத் தேர்ந்தால் போதும். கறுப்பு, மங்கிய பொன்நிறம், அரக்கு இருந்தால் பெரும்பாலான சாறிக்கு ஒத்துப்போகும்.

கணக்குப் பிழைப்பதும் கத்தரி வைப்பதும்

வீட்டு மெசினில் தாங்களே பிடிப்பவர்கள் செய்யும் பெரிய பிழை இதுதான். 4 அங்குலம் குறைக்க வேண்டும், பக்கம் இரண்டு, ஆகவே பக்கத்துக்கு 2 அங்குலம் உள்ளே தைப்பார்கள். பிளவுஸ் கொக்கியே பூட்டாது. தையல் கோட்டை 1 அங்குலம் உள்ளே தள்ளினால் முன் துண்டில் 1, பின் துண்டில் 1 என்று ஒரு பக்கத்தில் 2 அங்குலம் போகும். இரண்டு பக்கமும் சேர்ந்து 4. ஆகவே குறைக்க வேண்டியதை நான்கால் பிரிக்க வேண்டும்.

ஆசிரியை ஒருவரின் பிளவுஸை எடுத்துக்கொள்வோம். மார்பு 42 ஆக இருந்தபோது பிளவுஸ் 43 அங்குலத்தில் தைக்கப்பட்டது. இப்போது மார்பு 38, பிளவுஸ் 39 வேண்டும். குறைய வேண்டியது 4, தையல் உள்ளே போக வேண்டியது 1 அங்குலம். கையின் சுற்றளவு 16 இலிருந்து 14 ஆக வேண்டும். கையில் தையல் ஒன்றுதான் என்பதால் அங்கும் 1 அங்குலம் உள்ளே போனால் 2 குறைந்துவிடும். ஆக கை விளிம்பிலிருந்து அக்குள் வழியாகக் கீழ் விளிம்பு வரை ஒரே கோடாக 1 அங்குலத்தில் தைக்கலாம். கையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பிடித்தால் அக்குளில் துணி மூட்டையாகத் திரண்டு நிற்கும்.

பிளவுஸின் அடிச் சுற்றளவு 38 இலிருந்து 33 ஆக வேண்டும், அதாவது 5. பக்கத் தையல் 4 ஐத் தரும். மீதி 1 அங்குலத்தைப் பின்பக்கத்து இரண்டு டார்ட்டிலும் பங்கிடுங்கள். ஒவ்வொரு டார்ட்டின் கோட்டையும் கீழ் முனையில் கால் அங்குலம் தள்ளித் தைத்தால் ஒன்று அரை அங்குலத்தை எடுத்துவிடும்.

பிளவுஸை உள்புறம் திருப்பி, பழைய தையல் கோடுகளை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, சோக்கால் கோடு போடுங்கள். அக்குளில் மூலை விழாமல் வளைவாக வரட்டும். முதலில் 4 மில்லிமீற்றர் பெரிய தையலில் ஓட்டிப் போட்டுப் பாருங்கள். கரும்பலகையில் எழுதுவதுபோல் கையைத் தூக்குங்கள். கீழ் விளிம்பு மேலே ஏறி வயிறு தெரிந்தால் அக்குளில் பிடித்தது காணாது, கை இரத்தம் கட்டுவதுபோல் இருந்தால் கூடிவிட்டது. சரியானதும் அதே கோட்டில் 2.5 மில்லிமீற்றரில் தைத்து, பெரிய தையலை உருவிவிடுங்கள். பெரிய தையலோடு அணிந்தால் இழுபடும் இடத்தில் நூல் இடைவெளி தெரியும்.

இனி, பழைய தையலை அவிழ்க்காதீர்கள். மிச்சத் துணியை வெட்டி ஓவர்லொக் போடச் சொல்லவும் வேண்டாம். கடைக்காரர் சுத்தமாக இருக்கட்டும் என்று தானாகவே வெட்டிவிடுவார், ஆகவே கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இறங்கிய எடையில் கொஞ்சம் திரும்பி வருவது வழமை. அப்போது உள் தையலை உருவினால் பிளவுஸ் மறுபடி பழைய அளவாகும், வெட்டியது வெட்டியதுதான். வெட்டாமல் விடுவதில் ஒரு தொல்லை உண்டு. அக்குளில் துணி தடிப்பாகி, வியர்வையில் உரசும். அந்த இடத்தில் மட்டும் பழைய தையலை இரண்டு அங்குல நீளத்துக்கு அவிழ்த்துவிட்டால் துணி விரிந்து படியும். பிறகு மிச்சத்தை முதுகுப் பக்கம் மடித்து, கையால் நான்கு தையல் போட்டு வைத்தால் உரசல் குறையும்.

மருதமுனைக் கைத்தறியில் இழை தளர்வான பிளவுஸ் என்றால் பிடித்த கோட்டில் இழை நழுவும். தையலுக்கு இரண்டு பக்கமும் துளைகள் நீண்டு தெரிவதுதான் அடையாளம். அந்தத் துணியில் கோட்டை ஒட்டி இன்னொரு தையல் போடுங்கள். உடம்போடு இறுக்கமாகவும் பிடிக்க வேண்டாம்.

பின் குத்தி ஓட்டுவதையும் விட்டுவிடலாம். ஒரு நாள் அவசரத்துக்குச் சேஃப்டி பின் சரி. ஒரு மாதம் அதே இடத்தில் குத்தினால் பட்டுப் பிளவுஸில் ஓட்டை விழும், பிறகு பிடிக்கவும் துணி இராது.

நான்காவது பிளவுஸ்

பழையவற்றில் மூன்றுதான் தேறின என்றால் ஒன்றைப் புதிதாகத் தைக்கலாம். அது பருத்தியில், சாதாரண டார்ட் வைத்ததாக இருக்கட்டும். பிரின்ஸஸ் கட் கேட்காதீர்கள். அதில் உருவம் கொடுப்பது மார்பு வழியாகப் போகும் தையல்கள். பக்கத்தில் பிடித்தால் அந்தக் கோடு இடம் மாறி நெஞ்சு கோணும். 44 அங்குல அகலத் துணியில் 1 மீற்றர் எடுத்து, கொடுக்க முன் ஒரு தரம் நனைத்துக் காயவிடுங்கள், கைத்தறி சுருங்கும். அளவு இன்றைய உடம்புக்கு. ‘இன்னும் இளைப்பேன்’ என்று இறுக்கமாகத் தைப்பித்தது அலுமாரியில்தான் கிடக்கும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் எந்தத் தையல் கடையிலும் நின்று அளவெடுக்க நேரம் இராது. அதற்கு முன்னரே கொடுங்கள்.

எடை கூடியவருக்கு இதே கணக்கு மறுபக்கம். உள்ளே கால் அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று தையல் கோடு இருந்தால், ஒன்றை இரண்டு பக்கமும் அவிழ்க்க 1 அங்குலம் கிடைக்கும். வெயில் படாத உள்துணியின் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும், கறுப்பிலும் அரக்கிலும் அது கூடத் தெரியும். சாறி மறைக்கும் இடத்தில் கவலையில்லை.

ஆண்களின் நீளக் காற்சட்டைக்கு ஒரு வரி போதும்: பின் நடுத் தையலில் 2 அங்குலம் வரை பிடிக்கலாம், அதற்கு மேல் பின் பொக்கட் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும்.

மாதம் ஒரு தரம், ஒரே நேரத்தில், புதிய பிராவோடு மார்பு, அடி, கை, தோள் நான்கையும் அளந்து எழுதி வையுங்கள். கிலோவைப் பார்த்துப் பிளவுஸ் தைக்க முடியாது. நடக்கத் தொடங்கியவருக்கு எடை நின்றும் அங்குலம் குறையலாம். மூன்று மாதம் தொடர்ந்து எந்த அளவும் அரை அங்குலத்துக்கு மேல் ஆடவில்லை என்றால் பட்டுச் சாறிகளின் பிளவுஸ் துணியை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போகலாம். முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கிக்கொண்டு போனால் தையலை நிறுத்திவைத்து டொக்டரிடம் காட்டுங்கள், சீனி கூடினாலும் அப்படி இளைக்கும்.